மார்ச் 31 வரைக்கும்

தணிக்கை தொடங்கிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ராமாத்தாள் பாட்டி தன் வைப்பு ரசீதைக் கொண்டுவந்து ஜோதியின் மேசைமேல் வைத்தார்.

"அம்மிணி, இதை எடுத்துக் குடுத்துரு கண்ணு. பேத்திக்கு நர்சிங் காலேஜுல பணம் கட்டோணும்."

ஐம்பதாயிரம் ரூபாய். 14-8-2024 அன்று இரண்டு வருடத்துக்குப் போட்டது. ஏழரை சதவீதம், வட்டி முதிர்வில் சேர்த்து வாங்கிக்கொள்ளும் திட்டம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போடுகிறவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் போடுவார்கள். மாதாமாதம் வட்டி வாங்கினால் செலவாகிவிடும் என்ற பயம்.

"முன்கூட்டி எடுத்தா வட்டி கொறையும் பாட்டி."

"கொறைஞ்சா கொறையட்டும். புள்ளை படிப்புக்குத்தானே போட்டது."

ஜோதி வவுச்சரை எடுத்தாள். பக்கத்து அறையில் தணிக்கை அலுவலர் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட உரக் கிடங்கு இருப்புப் பதிவேடு இன்னும் கைக்கு வரவில்லை. எத்தனை வேலை இருந்தாலும் பணம் எடுக்க வந்தவரைக் காக்கவைக்கக்கூடாது என்று பழனிச்சாமி அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். ஜனவரி கடைசியில் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் நகைக்கடன் மேசையிலிருந்த ஜோதி கணக்கர் நாற்காலிக்கு வந்தாள்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயம்: வைப்பை முடிக்கும்போது வட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். போன மார்ச் 31 வரைக்கும் ஏறிய வட்டி போன ஆண்டின் செலவு, அது 'செலுத்த வேண்டிய வட்டி'க் கணக்கில் ஏற்கெனவே நிற்கும். அதற்குப் பிறகு ஏறியது மட்டும்தான் இந்த ஆண்டுச் செலவு. ஜோதி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். மார்ச் 31 வரை 229 நாள். ரசீதில் உள்ள வீதப்படி 2,353 ரூபாய். முன்கூட்டி எடுப்பதால் கொஞ்சம் குறையும், சரி. கம்ப்யூட்டரில் செலுத்த வேண்டிய வட்டிக் கணக்கைத் திறந்தாள்.

இருப்பு பூஜ்யம்.

வேறு தலைப்பில் ஏதாவது ஏறியிருக்குமோ என்று அனாமத்துக் கணக்கைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பாட்டிக்கு வட்டி கணக்கிட்டு, கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் நிதானமாக உட்கார்ந்தாள். 31-3-2024 அன்று அந்தக் கணக்கில் 3,61,940 ரூபாய் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வைப்புகளை முடிக்க முடிக்க அது கழிந்து தீர்ந்திருக்கிறது. புதிதாக ஏற்றியதாக அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

லாப நட்டக் கணக்கை எடுத்தாள். வைப்புகளுக்கான வட்டிச் செலவு 2023-24இல் 13 லட்சத்து 62 ஆயிரம், 2024-25இல் 9 லட்சத்து 93 ஆயிரம். ஆனால் வைப்புத் தொகை 1 கோடியே 92 லட்சத்திலிருந்து 2 கோடியே 5 லட்சமாக ஏறியிருக்கிறது. வீதமும் குறையவில்லை. வாங்கிய பணம் கூடியிருக்கும்போது வட்டி மட்டும் எப்படிக் குறையும்? மே மாதத்திலிருந்து இந்தத் தாளை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்! கீழே நின்ற நிகர லாபம் 3,18,640 எல்லார் கண்ணையும் நிறைத்துவிட்டது.

மதியம் பழனிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வருசக் கடைசியில் வட்டி ஒதுக்கீடு எதை வச்சுங்கண்ணா போடுவீங்க?"

"பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒண்ணு இருக்கும் பாரு, பீரோ கீழ்த்தட்டுல. ஒவ்வொரு ரசீதா எடுத்து நாள் எண்ணிப் போடுவேன். ஏம்மா, இப்பத்தான் கம்ப்யூட்டரே போட்டுக்குமே?"

அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். செயலாளரும் அப்படித்தான். மாதாமாதம் வட்டி தரும் வைப்புகளுக்குக் கம்ப்யூட்டர் சரியாகவே போட்டிருந்தது. முதிர்வில் வட்டி தரும் திட்டத்துக்கு மட்டும் ஆண்டுக் கடைசி ஒதுக்கீடு என்ற கட்டத்தில் டிக் வைக்கப்படவில்லை. அந்தத் திட்டத்தில் 143 கணக்குகள்.

இரவு எட்டு மணிவரை இருந்து 143ஐயும் எக்செலில் ஏற்றினாள். மொத்தம் 4,07,215. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்துக் கணக்குகளைக் கையால் போட்டுச் சரிபார்த்தாள். பழனிச்சாமி அண்ணன் நோட்டில் போன வருடக் கூட்டலையும் பார்த்தாள். அதே முறை, அதே திட்டம், 3,61,940. சந்தேகத்துக்கு இடமே இல்லை. லாபம் 3,18,640 இல்லை, நட்டம் 88,575.

புதன்கிழமை காலை செயலாளர் வந்ததும் அவரிடம் தாளை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"நேத்துக் கண்டுபிடிச்சியா? ஆடிட் மேடத்துக்குத் தெரியுமா?"

"இல்லைங்க சார். உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. பயிர்க்கடன் தள்ளுபடிப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டதற்காக மாவட்ட அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தவர். ஆனால் சங்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளர்களையும் சேர்த்துப் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். லாபம் இருந்தால் தீபாவளிக்கு இருபது சதவீதம், இல்லையென்றால் பத்து. அந்த இருபதை எல்லாரும் இப்போதே செலவு செய்து வைத்திருந்தார்கள்.

"ஜோதி, இதை நாம யாருக்கும் இல்லைன்னு சொல்லலையே. முதிர்வு வரும்போது முழுசாக் குடுக்கத்தானே போறோம்? அப்ப செலவு எழுதிக்கலாம். பணம் எங்கே போயிடுது?"

"பணம் எங்கேயும் போகலைங்க சார். ஆனா அந்த வைப்புப் பணத்தை வச்சுத்தான் நகைக்கடன் குடுத்தோம். அதுல வந்த வட்டியை இந்த வருச வரவுல சேர்த்துட்டோம். வரவை எடுத்துக்கிட்டு அதுக்கு உண்டான செலவை மட்டும் எப்படிங்க தள்ளிவிடறது?"

அவர் பேசவில்லை.

"இந்த லாபத்துல சேம நிதிக்கு இருபது சதவீதம் ஒதுக்கிட்டு, மீதியில பங்கு ஈவு குடுப்போம். போனஸ் குடுப்போம். அதெல்லாம் ராமாத்தாள் பாட்டி மாதிரி ஆளுங்களுக்குக் குடுக்க வேண்டிய வட்டியில இருந்து போற பணம். அடுத்த வருசம் அவங்களுக்கு இரண்டு வருச வட்டி சேர்ந்து செலவாகும். அப்ப இதைவிடப் பெரிய நட்டம் வரும்."

"மேடம் கண்டுபிடிச்சாங்களா இல்லையேம்மா."

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லோணும் சார். நான் சொல்லாம இருக்க மாட்டேங்க. உங்களுக்குத் தெரியாம போய்ச் சொல்லவும் மாட்டேன்."

"சாயந்திரம் வரைக்கும் டைம் குடு" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. ஜோதியும் அந்த நேரத்தைச் சும்மா விடவில்லை. செலவில் ஒன்று விட்டுப்போயிருந்தால் வரவிலும் விட்டுப்போயிருக்கலாம் அல்லவா? நல்ல கணக்கர் நட்டத்தை மட்டும் தேடக்கூடாது, லாபத்தை மட்டும் தேடவும் கூடாது. சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டிருந்த வைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்து லட்ச ரூபாய் வைப்பு ஒன்று, அக்டோபர் கடைசியில் போட்டது, ஏழரை சதவீதம். ஐந்து மாத வட்டி 31,250 வரவேண்டியதாக எழுதப்படவில்லை. அப்புறம் மார்ச் மாதத்துக் கரண்ட் பில் 4,180, ஏப்ரலில் கட்டி, ஏப்ரல் செலவாகவே எழுதியிருக்கிறது.

நான்கரை மணிக்குச் செயலாளர் அவளைக் கூப்பிட்டார். "அந்தத் தாளைக் கொண்டா." இப்போது அது மூன்று தாளாகியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் நட்டம் 61,505. அவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தானே முன்னால் நடந்து பக்கத்து அறைக்குப் போனார்.

தணிக்கை அலுவலர் முதல் கேள்வியாகப் போன வருடத்து ஒதுக்கீட்டுத் தாளைத்தான் கேட்டார். ஜோதி பச்சை நோட்டைத் திறந்து வைத்தாள். அவர் 143 கணக்கிலிருந்து தானே இருபதைத் தேர்ந்தெடுத்து, அசல் ரசீது அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டார். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.

"வங்கி வட்டிக்கு அவங்ககிட்ட இருந்து 31-3-2025 வரைக்கும்னு சான்று வாங்கிக் குடுங்க. வெறும் உங்க கணக்கை வச்சு வரவு சேர்க்க மாட்டேன்."

"நாளைக்கே வாங்கிடறேங்க மேடம்."

"வைப்பு வட்டிக்குச் சரிக்கட்டுப் பதிவு எழுதுங்க. ஏப்ரல்ல இருந்து ஏற்கெனவே முடிச்ச கணக்கெல்லாம் ரெண்டு வருசத்துக்கும் பிரிச்சு எழுதணும், அதையும் மறந்துடாதீங்க."

ஜோதி அங்கேயே எழுதினாள்:

வைப்புகள் மீதான வட்டிச் செலவு, பற்று 4,07,215
வைப்புகள் மீது செலுத்த வேண்டிய வட்டி, வரவு 4,07,215
(முதிர்வில் வட்டி தரும் 143 வைப்புகளுக்கு 31-3-2025 வரை ஏறிய வட்டி, பட்டியல் இணைப்பில்)

வியாழக்கிழமை வங்கிச் சான்று வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் செயலாளர் ஊழியர்கள் எல்லாரையும் உரக் கிடங்கில் கூட்டினார். இந்த வேலையை ஜோதியிடம் தள்ளிவிடுவாரோ என்று அவள் பயந்திருந்தாள். அவர் தள்ளிவிடவில்லை. என்ன நடந்தது, எவ்வளவு, போனஸ் என்ன ஆகும் என்று அவரே சொன்னார்.

ரேஷன் கடை செல்வராஜ் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல ஒரு டிக் வைக்காததுக்கு எங்க போனஸ் பாதியாங்க சார்?"

"டிக் வச்சிருந்தாலும் இதே நட்டந்தாங்கண்ணா" என்றாள் ஜோதி. "மார்ச்சுலயே தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு நாலு மாசம் பொய்க் கணக்கைக் காட்டிட்டோம். அதுதான் தப்பு."

"அப்ப நிசமான லாபம் எப்படி வரும்? அதைச் சொல்லு."

"தவணை தாண்டின நகைக்கடன் பதினேழு நிக்குதுங்கண்ணா. அந்த வட்டி கைக்கு வர்ற வரைக்கும் லாபத்துல சேர்க்க முடியாது. வசூலானா இந்த வருசம் கணிசமா ஏறும்."

செல்வராஜ் கொஞ்ச நேரம் உரமூட்டைமேல் கையை வைத்தபடி நின்றார்.

"அதுல எங்க கடைக் கார்டுதாரங்க எத்தனை பேரு?"

"ஒம்பது பேருங்க."

"பேரு எழுதிக் குடு. அரிசி வாங்க வருவாங்கல்ல, நான் பேசறேன். ஏலத்துக்கு நோட்டீஸ் போறதுக்கு முன்னாடி அவங்களும் நகையை மூட்டுக்கட்டும்."

ஜோதி எழுதப் போனாள். செயலாளர் பின்னாலிருந்து கூப்பிட்டு, "மத்த எட்டுப் பேரையும் எனக்கு எழுதும்மா" என்றார்.