விலைப்புள்ளி கோருதல்: கால்பந்து அணிகளுக்கான சீருடைகள், பந்துகள், பயிற்சிக் கருவிகள்

அனுப்புநர்: செயலாளர், கடலோர இளைஞர் கால்பந்துக் கழகம், குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: விற்பனை மேலாளர், விளையாட்டுப் பொருள் விற்பனை நிலையம், நாகர்கோவில்
நாள்: 6 ஏப்ரல் 2026

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கழகத்தின் மூத்தோர் அணி, 17 வயதுக்குட்பட்டோர் அணி, 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் பயிற்சிக் குழு ஆகிய மூன்றுக்கும் இந்த ஆண்டு சீருடைகளும் விளையாட்டுக் கருவிகளும் வாங்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அதற்கான விலைப்புள்ளியை வரும் 18 ஏப்ரல், சனிக்கிழமை மாலைக்குள் இந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் ஞாயிறு மாலை கூடும் செயற்குழுவில், வந்து சேர்ந்த விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு முடிவெடுக்கவுள்ளோம்.

பொருட்கள் 23 மே அன்றோ அதற்கு முன்போ எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது தாங்கள் அறிந்ததே. விசைப்படகுகளில் தொழிலுக்குப் போகும் எங்கள் மூத்தோர் அணியினரில் பெரும்பாலோர் ஒன்றாக ஊரில் இருப்பது அந்த இரண்டு மாதங்களில்தான் என்பதால், பயிற்சியும் போட்டிகளும் அப்போதே நடக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் பெய்கிறது. கீழே துணி, பந்து பற்றி நான் எழுதியிருக்கும் நிபந்தனைகள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

முதலில் சீருடை. மூத்தோர் அணியின் களவீரர்கள் 22 பேருக்கு, கருநீலத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக, ஆளுக்கு இரண்டு செட் (ஜெர்சி, அரைக்கால் சட்டை, நீளக் காலுறை) தேவை. அளவுகள் 38 அங்குலம் 8 பேருக்கும், 40 அங்குலம் 9 பேருக்கும், 42 அங்குலம் 5 பேருக்கும் வேண்டும். கோல்கீப்பர்கள் இருவருக்கு, 40, 42 அளவுகளில், முழுக்கை வைத்த மஞ்சள் செட் ஒன்றும் பச்சை செட் ஒன்றுமாக மொத்தம் 4 செட் வேண்டும். 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கருநீலம் மட்டும் போதும்: 34 அங்குலம் 5, 36 அங்குலம் 9, 38 அங்குலம் 4 என 18 செட்டும், கோல்கீப்பர்களுக்கு 36, 38 அளவுகளில் மஞ்சளில் 2 செட்டும். சிறுவர்கள் 24 பேருக்கு ஜெர்சியும் அரைக்கால் சட்டையும் மட்டும், 28 அங்குலம் 7, 30 அங்குலம் 11, 32 அங்குலம் 6 என்ற கணக்கில். வளரும் பிள்ளைகள் என்பதால் இவற்றை ஓர் அளவு கூட்டியே கொடுத்திருக்கிறோம். தாங்கள் மேலும் கூட்ட வேண்டாம்.

தங்கள் அளவு அட்டவணையையும் விலைப்புள்ளியுடன் இணைக்க வேண்டுகிறேன். அதில் உள்ள அங்குலக் கணக்கு உடலின் மார்புச் சுற்றளவா, தைத்து முடித்த துணியின் சுற்றளவா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுகிறது. நாங்கள் மேலே தந்திருப்பவை தைத்து முடித்த ஜெர்சியின் சுற்றளவுகள்.

துணி 140 முதல் 160 ஜி.எஸ்.எம். வரையிலான, வியர்வை விரைவில் உலரும் பாலியஸ்டராக இருக்க வேண்டும். அதைவிடக் கனமானது மழையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சுமையாகிவிடுகிறது. மெல்லியதோ ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. எண், பெயர், கழகச் சின்னம் மூன்றும் சப்ளிமேஷன் முறையில் துணியிலேயே அச்சாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடம் வாங்கிய ஜெர்சிகளில் வெப்பத்தால் ஒட்டிய எண்கள், உப்புக் காற்றிலும் அடுத்தடுத்த சலவையிலும் உரிந்து, பாதிப் போட்டிகளில் நடுவர் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது. ஆகவே ஒட்டு எண்கள், விலை எவ்வளவு குறைந்தாலும், எங்களுக்கு வேண்டாம். முதுகு எண்ணின் உயரம் 25 சென்டிமீட்டர். பெயர் மூத்தோர் அணிக்கு மட்டும், தமிழில் அச்சிட வேண்டும். தங்கள் அச்சகத்தில் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருமா என்பதை உறுதிசெய்து எழுதவும். சின்னத்தின் கோப்பையும் பெயர்ப் பட்டியலையும் ஆர்டருடன் தருவோம்.

அடுத்தது பந்து. போட்டிக்கு 5-ஆம் எண் பந்துகள் 2, பயிற்சிக்கு 5-ஆம் எண் 12, சிறுவர்களுக்கு 4-ஆம் எண் 10 வேண்டும். 5-ஆம் எண் பந்துகள் அனைத்தும் 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும் 410 முதல் 450 கிராம் எடையும் கொண்டிருக்க வேண்டும். போட்டிப் பந்துகளுக்கு, தையல் வழியே நீர் இறங்காதபடி வெப்பத்தால் ஒட்டிய வகையை விரும்புகிறோம். பயிற்சிப் பந்துகளோ மணலும் சரளையும் கலந்த மைதானத்தில் நாள்தோறும் உராய்பவை. அவற்றுக்குத் தையல் வகை, வார்ப்பு ரப்பர் வகை இரண்டின் விலையையும் தனித்தனியே தந்தால், எங்கள் பயிற்சியாளர் பார்த்து முடிவு செய்வார்.

கோல் வலை ஒரு ஜோடி, 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கம்பத்துக்கு உரியது, 3 மில்லிமீட்டர் நூலில். வலை கிழிந்தால் தைத்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நூலே இற்றுப்போனால் தைத்துப் பயனில்லை என்பதால், வெயில் தாங்கும் நூலா என்பதைக் குறிப்பிடவும். மாட்டும் கொக்கிகள் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பு இங்கே துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. மூலைக் கொடிக்கம்பங்கள் நான்கும் அதே காரணத்தால் பிளாஸ்டிக்கிலும், 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்திலும், முனை கூராக இல்லாமலும் வேண்டும்.

இவை தவிர ஷின் கார்டு 40 ஜோடி (பெரியவர்களுக்கு 22, இளையோருக்கு 18), கோல்கீப்பர் கையுறை 4 ஜோடி, பயிற்சி மேலங்கி இரு நிறங்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக 24, கூம்புகள் 40, காற்றடிக்கும் பம்பு 2, அதற்கான ஊசிகள் 20, கேப்டன் கைப்பட்டை 3 ஆகியவற்றுக்கும் விலை தரவும். பூட்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அதை வீரர்கள் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், ஒன்றின் விலை, ஜி.எஸ்.டி. விகிதம், குளச்சல் வரையிலான வண்டிக்கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகத் தரும் விலைப்புள்ளியைச் செயற்குழு முன் வைக்க இயலாது. மாதச் சந்தாவாலும் வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்களின் நன்கொடையாலும் சேர்ந்த பணம் என்பதால், பொதுக்குழுவில் ஒவ்வொரு உருப்படிக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. விலைப்புள்ளி குறைந்தது 30 நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

ஆர்டர் உறுதியானதும் 40 விழுக்காடு முன்பணமாகவும், பொருட்களைப் பெற்றுக்கொள்ளும்போது 50 விழுக்காடும், 15 நாட்கள் பயன்படுத்திப் பார்த்தபின் மீதி 10 விழுக்காடும் கழகத்தின் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்துவோம். ரசீது கழகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். தையல் பிரிதல், சாயம் போதல், பந்தின் வடிவம் கெடுதல் போன்ற குறைகள் அந்த 15 நாட்களுக்குள் தெரிந்தால் மாற்றித் தர இயலுமா என்பதையும், பிறகு சேரும் வீரர்களுக்காக அதே துணியில் ஓரிரு செட் மட்டும் கேட்டால் என்ன விலை ஆகும் என்பதையும் தெரிவிக்கவும்.

செயற்குழு தங்களைத் தேர்ந்தெடுத்தால், முழு வேலையையும் தொடங்குமுன், 40 அங்குல அளவில் எண்ணும் தமிழ்ப் பெயரும் அச்சிட்ட மாதிரி ஜெர்சி ஒன்றை 28 ஏப்ரலுக்குள் தர வேண்டும். அதைத் துவைத்துப் பார்த்த பின்பே ஒப்புதல் தருவோம். மாதிரிக்குத் தனிக் கட்டணம் உண்டானால் அதையும் விலைப்புள்ளியில் சேர்த்துவிடவும்.

ஏதேனும் ஒரு பொருள் தங்களிடம் இல்லையென்றால், அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் விலை தரலாம். துணியின் சிறு துண்டுகளை நேரில் பார்த்துக்கொள்ள எங்கள் பொருளாளர் வரும் வெள்ளிக்கிழமை முற்பகல் நாகர்கோவில் வருகிறார். அந்த நேரம் தங்களுக்கு வசதிப்படுமா என்பதை மட்டும் முன்னதாக ஒரு வரியில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
கடலோர இளைஞர் கால்பந்துக் கழகம்,
குளச்சல்.

நகல்: பொருளாளர், பயிற்சியாளர்