10இல் நின்று பாயுங்கள்: எண்கோட்டுப் பயிற்சி, தரம் 2

பிள்ளைகளே, அப்பியாசக் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறி, 0 முதல் 20 வரை எண்களை எழுதுங்கள். 10ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுங்கள். அதுதான் நாம் நின்று போகும் இடம்.

கூட்டும்போது வலப்பக்கம் பாய்வோம்

அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் 8 ரம்புட்டான் வாங்கினார். கடைக்கார மாமா இன்னும் 5 தந்தார். மொத்தம் எத்தனை?

8இல் விரலை வையுங்கள். 10க்குப் போக எத்தனை வேண்டும்? 2. கையில் இருந்த 5இல் 2 போனால் மீதி 3. சரி, 10இலிருந்து அந்த 3ஐயும் பாயுங்கள். 13!

8 → 10 → 13
(+2, +3)

ஒவ்வொன்றாக எண்ணினால் சிலர் 8ஐயும் சேர்த்து எண்ணி 12 என்று எழுதிவிடுவார்கள். நிற்கும் எண்ணை எண்ண வேண்டாம், பாய்ச்சலை மட்டும் எண்ணுங்கள்.

கழிக்கும்போது இடப்பக்கம்

பஸ்ஸில் 14 பேர். பம்பலப்பிட்டியில் 6 பேர் இறங்கினார்கள்.

14 → 10 → 8
(−4, −2)

பஸ்ஸில் மீதி 8 பேர்.

இனி நீங்கள்

ஒவ்வொன்றுக்கும் எண்கோட்டில் பாய்ச்சலுக்கு ஒன்றாக இரண்டு வளைவு கீறி, விடையை எழுதுங்கள்.

9 + 4
7 + 6
12 − 5
15 − 7
6 + 9 (9இலிருந்து தொடங்கிப் பாருங்கள், முதல் பாய்ச்சல் மிகச் சிறியது!)

பெற்றோருக்கு: விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். “10க்கு இன்னும் எத்தனை?” என்று மட்டும் கேளுங்கள். விடைகள் வரிசையாக: 13, 13, 7, 8, 15.