பதில்: தேதி மாறிப்போச்சு – 14ஆம் உறுப்பினரின் தேதி எப்படித் தெரிகிறது?

வணக்கம் அக்கா,

“தம்பி, நீங்க அனுப்பின ஷீட்ல தேதி எல்லாம் மாறிப்போச்சு. பழையபடி ஆக்கி இன்னைக்கே அனுப்பிடுங்க, புதன்கிழமை நினைவூட்டல் போகணும்” என்று எழுதியிருந்தீர்கள். இன்றே முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு சின்ன பதில் வேண்டும்.

நான் அனுப்பியது CSV கோப்பு. அதை நீங்கள் எக்செல்லில் திறந்து, அங்கிருந்து எடுத்து உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வழியில் தேதி மூன்று விதமாகக் கெடலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மாற்றிக் கொடுத்தால் இப்போது சரியாக இருக்கும் தேதிகளும் சேர்ந்து கெட்டுப்போகும். அதனால்தான் கேட்கிறேன்.

பதிவேட்டைத் திறந்து 14ஆம் உறுப்பினரின் “சேர்ந்த தேதி”யை மட்டும் பாருங்கள். அவர் சேர்ந்தது 2023 ஏப்ரல் 3. அந்தக் கட்டத்தில் இப்போது என்ன தெரிகிறது?

1. 4-Mar-2023 என்று தெரிகிறது. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. என் ஊகம் இதுதான். போன மாதம் புது லேப்டாப் வாங்கியதாகச் சொன்னீர்களே, அதில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். என் கோப்பில் இருந்த 03/04/2023 அதற்கு மார்ச் 4.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. எல்லாத் தேதியும் ஒரே மாதிரி கெடாது. 12ஆம் தேதிவரை உள்ளவை சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். 13ஆம் தேதி முதல் உள்ளவை மாறாது. 25/04/2023-ஐ எடுத்துக்கொண்டால் 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 15ஆம் உறுப்பினரின் கட்டத்தைப் பாருங்கள்: சாய்கோட்டோடு 25/04/2023 என்று கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மே 5 மாதிரி நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை கெடவே கெடாது. அவற்றைப் பார்த்துவிட்டு “சில தேதி சரியாத்தானே இருக்கு” என்று ஏமாந்துவிட வேண்டாம்.

இதுதான் என்றால் நீங்கள் எதையும் திருத்த வேண்டாம். வருடம் முதலில் வரும்படி, 2023-04-03 என்ற வடிவில், 212 பேரின் பட்டியலையும் புதிதாக எடுத்து அனுப்புகிறேன். அப்படி எழுதினால் எக்செல் எந்த அமைப்பில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் படிக்கும். முதலிலேயே அப்படி அனுப்பியிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

2. 45019 மாதிரி ஐந்து இலக்க எண் தெரிகிறது. அப்படியானால் கவலையே இல்லை, தேதி கெடவில்லை, உடை மட்டும்தான் மாறியிருக்கிறது. எக்செல் தேதியை உள்ளுக்குள் நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும்: 1900 ஜனவரி 1 என்பது 1, 2023 ஏப்ரல் 3 என்பது 45019. மதிப்பை மட்டும் ஒட்டும்போது இந்த எண் அப்படியே வெளியே வந்துவிடும். தேதி இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Date என்பதைச் சொடுக்கி OK கொடுத்தால் போதும். என்னிடமிருந்து புதுக் கோப்பே தேவையில்லை.

ஒன்றே ஒன்று. 45019 இல்லாமல் 44989 என்று இருந்தால் உடனே சொல்லுங்கள். அது மார்ச் 4. முதல் கோளாறும் இரண்டாவதும் சேர்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். (எண்ணும் இல்லாமல் ##### என்று மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் நெடுவரிசை குறுகலாக இருக்கிறது. இழுத்து அகலமாக்கிவிட்டுப் பாருங்கள்.)

3. 4-Apr-2027 என்று தெரிகிறது. மாதம் சரி, வருடம் நான்கு கூடி, நாளும் ஒன்று தள்ளிப்போயிருக்கும். உங்கள் பதிவேட்டை முதலில் உருவாக்கியவர் பழைய மேக் கணினி வைத்திருந்தார் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம், அதனால் இதையும் சேர்த்துக் கேட்கிறேன். அந்தக் காலத்து மேக் எக்செல் நாள் கணக்கை 1900இல் தொடங்காது, 1904இல் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் 1462 நாள். 1900 கணக்கில் இருக்கும் தேதியை 1904 கணக்கில் இருக்கும் பதிவேட்டில் ஒட்டும்போது அத்தனை நாளும் கூடிவிடும்.

இதுவாக இருந்தால், தயவுசெய்து அமைப்புகளுக்குள் போய் Use 1904 date system என்ற குறியை எடுத்துவிடாதீர்கள். இணையத்தில் தேடினால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். எடுத்த கணமே இப்போது ஒட்டியவை சரியாகிவிடும், ஆனால் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த பழைய உறுப்பினர்களின் தேதி அத்தனையும் நான்கு வருடம் பின்னால் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு காலிக் கட்டத்தில் 1462 என்று எழுதி, அதை நகலெடுத்து, புதிதாக ஒட்டிய தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, Paste Special போய் Values, Subtract இரண்டையும் குறித்து OK கொடுக்க வேண்டும். பழைய உறுப்பினர்களின் கட்டம் ஒன்றுகூட அதில் சேரக்கூடாது. தயக்கமாக இருந்தால் பதிவேட்டையே எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் செய்து தருகிறேன். இந்தக் கோளாறுக்கு நான் எத்தனை முறை புதுக் கோப்பு அனுப்பினாலும் ஒட்டும்போது மறுபடி அதேதான் நடக்கும்.

சரி, இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் 1, 2, 3 என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும். மூன்றிலும் சேராமல் வேறு ஏதாவது தெரிந்தால், 10ஆம் வரிசையிலிருந்து 20ஆம் வரிசைவரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

“பழையபடி” என்று சொன்னதை, மாதத்தின் பெயர் எழுத்தில் வரும் பதிவேட்டின் இப்போதைய வடிவம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லை, அதற்கும் முன்பிருந்த எண் வடிவம்தான் வேண்டும் என்றால், அந்த எண்ணோடு “எண் வடிவம்” என்றும் சேர்த்துவிடுங்கள்.

அதுவரை பதிவேட்டில் எதையும் கையால் திருத்த வேண்டாம். பாதி திருத்தி பாதி விட்டால், எது திருத்தியது எது திருத்தாதது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. நினைவூட்டலையும் நிறுத்தி வையுங்கள். 1 என்றால் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியவருக்கு மார்ச்சிலேயே “தவணை தாண்டிவிட்டது” என்று போகும், 3 என்றால் போக வேண்டியவர்களுக்குப் போகாது.

இன்று மாலை 6 மணிக்குள் உங்கள் பதில் வந்தால் இரவுக்குள் முடித்துவிடுவேன். நாளை காலை வந்தாலும் புதன்கிழமைக்கு நேரம் இருக்கிறது. அதற்கு மேல் தள்ளினால் நினைவூட்டலை வியாழக்கிழமைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
தம்பி