ஸ்டோர் அண்ணனுக்கு வழியனுப்பு விழா: ஜனவரி 31, மாலை 5.30

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம ஸ்டோர் இன்சார்ஜ் அண்ணன் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். 29 வருஷம்! நம்மில் பாதிப் பேருக்கு முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

2026 ஜனவரி 31, சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு நம்ம ஆபீஸ் மொட்டை மாடியிலேயே விழா. மண்டபம் எடுக்கலாமென்று கேட்டதற்கு, "அந்தக் காசுக்கு எல்லாருக்கும் சாப்பாடு போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வருபவர்கள் தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கிவிட்டால் நிம்மதி. எண்ணூர் ரோட்டில் வந்தால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

தலைக்கு 500 ரூபாய். டிரெய்னிகளுக்கு 200 போதும். லோடுமேன் அண்ணன்களிடம் யாரும் கேட்க வேண்டாம், அவர்கள் நம் விருந்தாளிகள். பணத்தை என் நம்பருக்கு ஜிபே செய்யலாம், கையிலும் கொடுக்கலாம். அன்றைக்குக் கை இறுக்கமாக இருந்தாலும் கட்டாயம் வாங்க. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது என்னைத் தாண்டிப் போகாது.

பரிசு ஒரு சைக்கிள். இனி ஞாயிறுதோறும் காசிமேட்டுக்கு சைக்கிளில் போய் மீன் வாங்குவேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாரே! அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அத்தோ, சிக்கன் பிரியாணி, சைவத்துக்குத் தனியாக வெஜ் பிரியாணி. குடும்பத்தோடு வரலாம். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை என்று ஜனவரி 23 வெள்ளிக்கிழமை மாலைக்குள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். 26 திங்கள் லீவு; அதற்கு முன்பே பிரியாணி மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
பில்லிங் பிரிவிலிருந்து உங்கள் அக்கா