அப்பாவின் அறிமுக வரிகள்: எடுத்து ஒட்டிக்கொள்ள

தம்பி, விழாக்காரர்கள் கேட்டால் இதிலிருந்தே எடு. அவசரத்தில் புதிதாக எழுதாதே.

எல்லா இடத்துக்கும்
"தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, ஒன்பது வயதில் தந்தையிடம் நாகஸ்வரம் கற்றவர், 41 ஆண்டுகளாகக் கச்சேரி செய்கிறார்." (1984 முதல் கணக்கு. தை பிறந்ததும் எண்ணை மாற்று.)
"அகில இந்திய வானொலியின் 'ஏ' நிலைக் கலைஞர்."
'உயர் பி' என்ற பழைய வரியைப் போன வருடம் ஒரு சபாவில் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அதை அழித்துவிட்டேன், உன் போனில் இருந்தால் நீயும் அழி.

கோயில்
"சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை மல்லாரியைக் காலம் மாற்றி மாற்றி விரிவாக வாசிப்பவர்."

சபா
"திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் மூன்று முறை வாசித்தவர்."
"தோடி ஆலாபனைக்காக ரசிகர்கள் தேடி வரும் வித்வான்."

கல்லூரி, பயிலரங்கு
"நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாகஸ்வரத்தையே வாசிக்கிறார், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற கருவி அது."
"இதுவரை 23 பேருக்குக் கற்பித்தவர், அவர்களில் 6 பேர் பெண்கள்."
இடம் போதாது என்றால் தோடியை வெட்டு, இதை வெட்டாதே. அப்பாவுக்கு இதுதான் பெருமை.

கல்யாணப் பத்திரிகை
பெயரும் ஊரும் வானொலி நிலையும் போதும்.

அப்புறம், கலைமாமணிக்கு விண்ணப்பித்திருப்பதை எங்கேயும் எழுதாதே. கிடைத்த அன்று நானே இங்கே முதல் வரியாகச் சேர்க்கிறேன்.