காப்பர் சல்பேட் கரைசலின் மின்னாற்பகுப்பு: செலுத்திய மின்னூட்டமும் படிந்த தாமிரமும்

பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல் செய்முறை, வேலூர்

நோக்கம்: எதிர்மின்வாயில் படியும் தாமிரத்தின் நிறை, செலுத்திய மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தாமிரத்தின் மின்வேதிச் சமானத்தைக் கணக்கிடுதல்.

அமைப்பு: லாங்கு பஜார் பாத்திரக்கடையில் வெட்டி வாங்கிய தாமிரத் தகடுகள் இரண்டு. உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவினோம். 500 மி.லி. கரைசலில் 62.5 கிராம் மயில்துத்தம், சில சொட்டு கந்தக அமிலம். கரைசலில் அமிழ்ந்த பரப்பு ஒரு பக்கத்துக்கு 25 ச.செ.மீ. நடுவில் கரண்ட் போனால் நேரக்கணக்கு கெட்டுவிடும் என்பதால் 12 வோல்ட் பைக் பேட்டரியை ரியோஸ்டாட், அம்மீட்டருடன் தொடராக இணைத்தோம்.

எதிர்மின்வாயில்: Cu²⁺ + 2e⁻ → Cu
நேர்மின்வாயில்: Cu → Cu²⁺ + 2e⁻

ஒரு பக்கம் படியும் அளவுக்கு மறுபக்கம் கரைவதால் கரைசலின் நீலம் கடைசிவரை வெளுக்கவில்லை.

முதல் முயற்சி: சீக்கிரம் முடிக்க நினைத்து 1.5 ஆம்பியர் வைத்தோம். 10 நிமிடம், அதாவது 900 கூலூம். தகட்டில் செங்கல்பொடி போலக் கருஞ்சிவப்பாகப் படிந்தது. கழுவும்போது ஒரு பகுதி நீரோடு போனது. 0.30 கிராம் வரவேண்டிய இடத்தில் 0.21 கிராம்தான் நின்றது. இந்த அளவை அட்டவணையில் சேர்க்கவில்லை.

இரண்டாம் முயற்சி: தகட்டை மறுபடி தேய்த்து, மின்னோட்டத்தை 0.5 ஆம்பியரில் நிறுத்தினோம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, தேய்க்காமல் நீரில் முக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி நிறுத்தோம். சூடாக்கினால் தாமிரம் கறுத்து எடை கூடும் என்பதால் விளக்கில் காட்டவில்லை. இம்முறை படிவு ரோஜா நிறத்தில் மெல்லிய தோல்போல ஒட்டியிருந்தது.

| நேரம் (விநாடி) | மின்னூட்டம் (கூலூம்) | தகட்டின் நிறை (கிராம்) | படிந்தது (கிராம்) |
|---|---|---|---|
| 0 | 0 | 15.62 | 0 |
| 600 | 300 | 15.72 | 0.10 |
| 1200 | 600 | 15.81 | 0.19 |
| 1800 | 900 | 15.91 | 0.29 |
| 2400 | 1200 | 16.01 | 0.39 |

கணக்கீடு: m = ZIt என்பதால்

Z = 0.39 / 1200 = 3.25 × 10⁻⁴ கிராம்/கூலூம்

ஃபாரடே விதிப்படி 63.5 / (2 × 96500) = 3.29 × 10⁻⁴. வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம்.

பிழைகள்: எங்கள் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். முதல் அளவான 0.10 கிராமில் அது பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் கடைசி அளவை வைத்து Z கணக்கிட்டோம். நேர்மின்வாய் 17.05 கிராமிலிருந்து 16.63 ஆனது. 0.42 கிராம் குறைந்தது, படிந்ததைவிட 0.03 அதிகம். முகவையின் அடியில் கருந்துகள் சேர்ந்திருந்தது. தகட்டிலிருந்து உதிர்ந்தது அதுதான் என்று கருதுகிறோம்.

முடிவு: வரைபடத்தில் நான்கு புள்ளிகளும் தொடக்கப்புள்ளி வழியே போகும் நேர்க்கோட்டை ஒட்டியே விழுந்தன. படிந்த நிறை மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. முதல் முயற்சியில் 900 கூலூம், இரண்டாவதில் 1800 விநாடியில் அதே 900 கூலூம், ஒன்றில் 0.21, மற்றதில் 0.29 கிராம். அங்கே விதி தவறவில்லை, கழுவும் நீரில் தாமிரத்தை நாங்கள்தான் இழந்தோம்.