ஏற்காடு கிடங்குச் சாலை தடுப்புச் சுவர்: ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் பணி வரம்புக்கான விளக்கமும் திருத்தமும்

ஏற்காட்டிலுள்ள காப்பிக் கிடங்கின் அணுகுசாலை ஓரமாக, மலைச்சரிவைத் தாங்கும் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டுவதற்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் 3ஆம் பிரிவில், “தேவையான இடங்களில் 120 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவரை வடிகாலுடன் கட்டி, மண் முதலியவற்றை அகற்றித் தருதல்” என்றுள்ள வாசகத்துக்கு முன்கூட்டத்தில் இருவேறு பொருள் கொள்ளப்பட்டது. அவ்வாசகம் முழுவதும் நீக்கப்படுகிறது. அதனிடத்தில் பின்வருவதே பணி வரம்பாகும்.

சுவரின் மொத்த நீளம் 120 மீட்டர். சாலை நுழைவாயிலிலிருந்து அளந்தால் 46ஆம் மீட்டருக்கும் 80ஆம் மீட்டருக்கும் இடையே இப்போது சரிந்து நிற்கும் 34 மீட்டர் பழைய சுவரின் இடமும் இந்த 120 மீட்டருக்குள் அடங்கும். அது கூடுதல் நீளமன்று. பழைய சுவரை இடிப்பதற்கு விலைப்பட்டியலின் 1ஆம் இனத்தில் தனி விலை தரப்பட வேண்டும். அதில் கிடைக்கும் கற்களைப் புதிய சுவரில் பயன்படுத்தக் கூடாது.

உயரம் 3 மீட்டர் என்பது அடித்தளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுவரின் உச்சி வரையிலான அளவாகும். தரைக்குக் கீழுள்ள அடித்தளம் இதில் சேராது. அது 2ஆம் இனத்தில் கன மீட்டர் கணக்கில் தனியே அளக்கப்படும்.

“வடிகால்” என்ற சொல்லே அதிகக் குழப்பத்துக்கு இடமளித்தது. சிலர் அதைச் சுவரில் விடப்படும் நீர்க்கசிவுத் துளைகள் என்றும், சிலர் சாலையோரக் கான்கிரீட் வாய்க்கால் என்றும் கொண்டனர். இப்பணியில் இரண்டுமே உண்டு. துளைகளுக்கான 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய்களும் அவற்றின் பின்புறம் இடப்படும் சரளை வடிகட்டியும் சுவருக்கான விலையிலேயே அடங்கும். வாய்க்காலோ சுவரின் அடிவரிசையில் 120 மீட்டரும், அங்கிருந்து சாலைச் சிறுபாலம் வரை 25 மீட்டரும் ஆக 145 மீட்டர் நீளத்துக்கு, 4ஆம் இனத்தில் மீட்டர் கணக்கில் விலையிடப்படும். சிறுபாலத்தைப் பழுதுபார்ப்பது இப்பணியில் இல்லை.

தோண்டும் மண், தோண்டிய குழியின் அளவைக் கொண்டே கணக்கிடப்படும். லாரியில் ஏற்றியபின் உப்பிய அளவு ஏற்கப்படாது. சுவரின் பின்புறம் நிரப்பியது போக எஞ்சும் மண்ணையும் இடிபாட்டையும் சரிவில் தள்ளாமல், அனுமதி பெற்ற இடத்துக்குக் கொண்டுசெல்வதும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. மழைக்காலத்தில் சரிவில் கிடக்கும் மண் கீழேயுள்ள காப்பிச் செடிகளின் மேல் இறங்கும் என்பதால் இதில் விலக்கு கிடையாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொருள்களை ஏற்றிவரும் செலவும், சிறிய வண்டிகளுக்கு மாற்றி ஏற்றும் கூலியும் அந்தந்த இனத்தின் விலைக்குள் அடங்கியவை. பின்னர் தனியே கோர இயலாது. பாறை குறுக்கிட்டால் வெடி வைக்காமல் உடைக்க வேண்டும். அதற்கு 5ஆம் இனத்தின் விலை பொருந்தும்.

வரைபடமும் இவ்விளக்கமும் முரண்பட்டால் இவ்விளக்கமே மேலோங்கும். ஆவணம் பெற்ற அனைவருக்கும் இது ஒரே நேரத்தில் அனுப்பப்படுகிறது. ஏற்கெனவே விலை அளித்தவர்கள், இறுதி நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்று, இதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு இணைத்துப் புதிய விலையை அளிக்கலாம்.